பை எங்கிருந்து வந்தது, தோல் எங்கிருந்து வந்தது?

இத்தாலியில் தைத்த முதலைத்தோல் கைப்பை ஒன்று ஜப்பானுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். கூடவே 'சைட்ஸ்' அனுமதிச்சீட்டும் போகும். அதில் அனுப்பும் நாடு எது? பலரும் 4-ஆம் கட்டத்தில் இத்தாலி என்று பார்த்ததும் சீட்டை மடித்துவிடுவார்கள். முதலை இத்தாலியில் வளர்ந்ததல்லவே!

முதலில் சீட்டின் வகையைப் பாருங்கள். ஏற்றுமதியா, மறுஏற்றுமதியா என்று அங்கே குறித்திருக்கும். வெளிநாட்டிலிருந்து வந்த தோல் என்பதால் இங்கே மறுஏற்றுமதி. அடுத்து பிறப்பிடக் கட்டம். பிறப்பிட நாடு ஜிம்பாப்வே. அந்நாடு கொடுத்த அனுமதியின் எண்ணும் தேதியும் பக்கத்திலேயே இருக்கவேண்டும். தோல் சிங்கப்பூரில் பதனிடப்பட்டு இத்தாலிக்கு வந்திருந்தால், கடைசியாக மறுஏற்றுமதி செய்த நாடாகச் சிங்கப்பூர் வரும். ஆக, ஒரே தாளில் மூன்று நாடுகள்.

சிலர் பிறப்பிடக் கட்டத்திலும் இத்தாலி என்றே நிரப்பிவிடுகிறார்கள். நைல் முதலை ஆப்பிரிக்க விலங்கு. அதற்குப் பிறப்பிடம் இத்தாலி என்றிருந்தால் உடனே சந்தேகப்படலாம். பச்சைத் தோலில் நாட்டுக் குறியீடும் வரிசை எண்ணும் உள்ள பட்டை தொங்கும். பையாகிவிட்டால் அதுவும் இருக்காது. மிஞ்சுவது காகிதம்தான்.

குறியீட்டிலும் கண் வேண்டும். கைக்கடிகாரத் தோல்வார்களில் அடிக்கடி வரும் CH சீனா அல்ல, சுவிட்சர்லாந்து, சீனாவுக்கு CN.

பிறப்பிடமாக நாடு மட்டும் இருந்து அனுமதி எண்ணும் தேதியும் இல்லாமல், காரணமும் எழுதப்படாமல் இருந்தால், பணம் கட்டுவதற்கு முன் விற்பவரிடம் கேளுங்கள்.