முதலில் வாழ்த்துவது பேரப்பிள்ளைகள்

வியட்நாமில் சந்திரப் புத்தாண்டை டெட் என்கிறார்கள். நிலவைக் கொண்டு கணிக்கும் நாள் என்பதால் ஆண்டுதோறும் தேதி மாறும். 2025இல் ஜனவரி 29, 2026இல் பிப்ரவரி 17. எந்தத் தேதியில் வந்தாலும் அன்று காலை வீட்டில் நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான். முன்னோர் படங்கள் இருக்கும் மாடத்தில் ஊதுபத்தி ஏற்றி வணங்கிய பிறகு, தாத்தாவும் பாட்டியும் கூடத்தில் உட்காருகிறார்கள். மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள் எதிரே நிற்கிறார்கள். பிறகு சிறியவர்கள் வாயைத் திறந்து பெரியவர்களை வாழ்த்துகிறார்கள்.

நமக்கு இது கொஞ்சம் வியப்பாக இருக்கும். பெரியவர்கள் வாழ்த்துவார்கள், சிறியவர்கள் வணங்கிப் பெற்றுக்கொள்வார்கள் என்பதுதான் நாம் பழகியது. "வாழ்த்த வயதில்லை, வணங்குகிறேன்" என்று மேடையில் சொல்கிறவர்கள்கூட இருக்கிறார்கள். வியட்நாமில் பத்து வயதுப் பேரன் எண்பது வயதுத் தாத்தாவை "நூறாண்டு வாழுங்கள்" என்று வாழ்த்துவது மரியாதைக் குறைவு அல்ல. வாழ்த்தாமல் நிற்பதுதான் குறைவு. அந்த ஒரு வாக்கியத்தை எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று பார்த்தால், சிறியவருக்கு அந்த உரிமை எப்படிக் கிடைக்கிறது என்பதும் புரியும்.

ஹனோய் பக்கத்து வீடு ஒன்றில் ஒரு பேரன் சொல்லக்கூடிய வாழ்த்தை எடுத்துக்கொள்வோம். "நம் மோய், சாவ் கிங் ச்சுக் ஓங் பா ஸோய் ஸாவ் ஸுக் க்வே, சோங் லவ் சம் துவோய் அ." புத்தாண்டில், பேரன் நான், தாத்தா பாட்டிக்கு நிறைந்த உடல்நலமும் நூறு வயது நீண்ட வாழ்வும் வேண்டி வாழ்த்துகிறேன் என்பது இதன் பொருள். ஏற்ற இறக்கத்தோடு பேசும் மொழி அது. வடக்கில் ஆறு தொனிகள் உண்டு. தமிழ் எழுத்து ஓசையை ஓரளவுதான் பிடிக்கும்.

இந்த வாக்கியத்தில் "நான்", "நீங்கள்" என்று பொருள்படும் பொதுச்சொல் எதுவும் இல்லை. "சாவ்" என்றால் பேரன் அல்லது பேத்தி. "ஓங்" தாத்தா, "பா" பாட்டி. உறவுப் பெயர்களே தன்மைக்கும் முன்னிலைக்கும் சேர்த்து வேலை செய்கின்றன. தெற்கே சைகோன் பக்கத்தில் "சாவ்" இருக்கும் இடத்தில் பெரும்பாலும் "கோன்", அதாவது பிள்ளை, என்று வரும். பாடப்புத்தகத்தில் மொழி கற்றவர்கள் சறுக்குவது இங்கேதான். "நான்" என்பதற்கு அவர்கள் முதலில் படிப்பது "தோய்" என்ற சொல். அலுவலகத்திலும் அறிமுகமில்லாதவர்களிடமும் அது பொருந்தும். தாத்தாவிடம் அதைச் சொன்னால் உறவை அறுத்துக்கொண்டு பேசுவதுபோல் ஆகிவிடும். வெளிநாட்டு மருமகள் உச்சரிப்பில் தடுமாறினால் சிரித்து ஏற்றுக்கொள்வார்கள். "தோய்" என்று தொடங்கினால் கூடம் கொஞ்சம் அமைதியாகிவிடும்.

அடுத்தது வினை. "ச்சுக்" என்றால் வாழ்த்துதல். நண்பனிடமும் தம்பியிடமும் அது மட்டும் போதும். தாத்தா பாட்டியிடம் சொல்லும்போது அதன் முன்னே "கிங்" சேர்கிறது. அது வணக்கத்தையும் பணிவையும் குறிக்கும். கடைசியில் வரும் "அ" வடக்கத்தியப் பேச்சில் பெரியவர்களிடம் வாக்கியத்தை முடிக்கும் மரியாதை ஒலி. ஆக, தன்னைப் பேரன் என்று வைத்துக்கொண்டு, பணிந்து, மரியாதை ஒலியோடு முடித்துவிட்ட பிறகு வாழ்த்துவதில் தவறாக எதுவும் இல்லை. மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்கு வழங்குவதாக அந்த வாழ்த்து அமையவில்லை. கீழிருந்து மேலே ஏந்திக் கொடுப்பதாக அமைகிறது. சிறு குழந்தைகள் இரு கைகளையும் மார்புக்குக் குறுக்கே கட்டி, தலையைத் தாழ்த்தி இதைச் சொல்வார்கள். பள்ளிக்குப் போகும் முன்பே வீட்டில் இந்த நிற்பைச் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள்.

இனி என்ன வேண்டி வாழ்த்துவது என்ற கேள்வி. டெட் வாழ்த்துகள் எல்லோருக்கும் ஒன்றாக இருக்காது. கைக்குழந்தையிடம் "நன்றாகச் சாப்பிட்டு வேகமாக வளரு" என்பார்கள். பள்ளிப்பிள்ளையிடம் "நன்றாகப் படி", கடைக்காரரிடம் "வியாபாரம் செழிக்கட்டும்" என்பார்கள். கல்யாணமாகாத இளைஞர்களுக்கு அந்த ஆண்டே துணை கிடைக்கவேண்டும் என்று வாழ்த்து வரும். அவர்கள் அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொள்வார்கள். தாத்தா பாட்டிக்கு முதலில் வருவது உடல்நலம்தான். "ஸுக் க்வே" என்ற அந்தச் சொல் இல்லாமல் முதியவர்களுக்கான வாழ்த்து முழுமை பெறுவதில்லை. அடுத்தது நீண்ட ஆயுள். அதன்பின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் சூழ மகிழ்ச்சியாக இருப்பது. "மை மன்" எனும் அதிர்ஷ்டமும், "வான் சு ஞு இ", அதாவது எல்லாக் காரியமும் மனம்போல் அமையட்டும் என்பதும் கடைசியில் வந்து சேரும். பணம் கொழிக்கட்டும் என்ற வாழ்த்து கடைவீதியில் நன்றாக ஒலிக்கும். ஓய்ந்து உட்கார்ந்திருக்கும் பாட்டியிடம் அதை முதலில் சொன்னால், வேறு யாருக்கோ வைத்திருந்ததை எடுத்து நீட்டியதுபோல் இருக்கும்.

இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். பாட்டி படுக்கையில் இருந்தாலும் "நோய் தீரட்டும்" என்று வாழ்த்துவதில்லை. டெட் நாட்களில் நோய், சாவு, இழப்பு போன்ற சொற்களையே வாயில் எடுப்பதைத் தவிர்ப்பார்கள். அந்த நாட்களில் பேசுவது ஆண்டு முழுதும் தொடரும் என்பது நம்பிக்கை. "உடல்நலம் நிறையட்டும்" என்றால் போதும், கேட்பவருக்குப் புரிந்துவிடும். இன்னொன்று அந்த "நூறு". எழுபது வயதுக்காரருக்கு அது தாராளமான வாழ்த்து. தாத்தாவுக்கு ஏற்கெனவே 98 வயது என்றால், நூறு என்பது வாழ்த்தாக இல்லாமல் கெடு வைத்ததாகிவிடும். அவரிடம் எண்ணை விட்டுவிட்டு, நலமாக எங்களோடு இருங்கள் என்று சொல்வதே நல்லது.

வயதுக்கும் இந்த நாளுக்கும் உள்ள தொடர்பு ஆழமானது. மரபுக் கணக்கின்படி குழந்தை பிறக்கும்போதே ஒரு வயது. அதன்பின் பிறந்தநாளில் அல்ல, ஒவ்வொரு டெட் அன்றும் எல்லோருக்கும் சேர்ந்து ஒரு வயது கூடும். 2025 ஜனவரி 20 அன்று ஒரு குழந்தை பிறந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறந்த அன்றே வயது ஒன்று. ஒன்பது நாள் கழித்து, ஜனவரி 29 டெட் அன்று, வயது இரண்டு. 2026 டெட்டுக்கு மூன்று. நம் கணக்கில் அதற்கு ஒரு வயது முடிந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. இதே கணக்கில், 1947 நடுவில் பிறந்த பாட்டிக்கு 2026 டெட் காலையில் எண்பது. நம் கணக்கில் 78 முடிந்திருக்கும். பள்ளி, அரசு ஆவணங்கள் எல்லாம் பிறந்த தேதிப்படிதான் நடக்கின்றன. பெரியவர்களின் பேச்சில் பழைய கணக்கு இன்னும் இருக்கிறது.

ஆகவே டெட் காலை என்பது வீட்டில் உள்ள அனைவரின் பிறந்தநாளும்தான். வாழ்த்து முடிந்ததும் தாத்தா பாட்டி கொடுக்கும் சிவப்பு உறைக்கு வடக்கில் வழங்கும் பெயரும் இதையே சொல்கிறது. "முங் துவோய்", வயதைக் கொண்டாடுதல். தெற்கில் அதை "லீ சீ" என்பார்கள். கன்டோனீஸ் சீனத்திலிருந்து வந்த சொல் அது. உள்ளே இருக்கும் தொகை பெரிதாக இருக்க வேண்டியதில்லை. நோட்டு புதிதாக, மடிப்புக் கலையாமல் இருக்கவேண்டும். அதற்காகவே டெட்டுக்கு முந்தைய வாரங்களில் புது நோட்டு தேடி அலைவார்கள். உறையை இரு கைகளாலும் வாங்கவேண்டும், கொடுத்தவர் எதிரிலேயே பிரித்துப் பார்க்கக்கூடாது. உறையோடு தாத்தா பாட்டியின் பதில் வாழ்த்தும் வரும். ஒழுங்காக இரு, நன்றாகப் படி, வேகமாக வளரு என்பதுதான் பெரும்பாலும்.

யாரிடம் எப்போது போவது என்பதற்கும் வழக்கம் உண்டு. முதல் நாள் அப்பா வழி, இரண்டாம் நாள் அம்மா வழி, மூன்றாம் நாள் ஆசிரியர் என்று ஒரு பழமொழியே இருக்கிறது. பாசம் மிகுந்து விடியற்காலையிலேயே தாத்தா வீட்டுக் கதவைத் தட்டுவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நள்ளிரவுக்குப் பின் வீட்டுக்குள் முதலில் கால் வைக்கும் விருந்தாளியின் ராசி அந்த ஆண்டு முழுதும் வீட்டைத் தொடரும் என்று நம்புகிறார்கள். பிறந்த ஆண்டின் விலங்கு பொருந்துகிறவர், குடும்பம் நன்றாக இருப்பவர் என்று பார்த்து, ஆளை முன்கூட்டியே சொல்லிவைக்கும் வீடுகள் உண்டு. சமீபத்தில் துக்கம் நடந்த வீட்டார் முதல் நாட்களில் பிறர் வீட்டுக்குப் போகமாட்டார்கள். அழைப்பு இல்லாமல் முதல் ஆளாக நுழையாதிருப்பதும் மரியாதைதான்.

முதுமைக்கு மதிப்பளிக்கும் இந்தப் பழக்கம் சட்டத்திலும் இடம்பெற்றிருக்கிறது. வியட்நாமின் 2009ஆம் ஆண்டு முதியோர் சட்டப்படி, 100 வயதை எட்டியவருக்கு நாட்டின் குடியரசுத் தலைவர் வாழ்த்தும் பரிசும் அனுப்புகிறார். 90 வயதுக்காரருக்கு மாகாணத் தலைவர். 70 தொடங்கி ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஊராட்சியே முதியவர்களைக் கூட்டிச் சிறப்புச் செய்யவேண்டும். அதற்குச் சட்டம் குறிப்பிடும் நாட்களில் டெட்டும் ஒன்று. ஊர்ப் பொது மண்டபத்தில் முதியவர்கள் சிவப்பு அல்லது பொன்னிறப் பட்டு அங்கியும் தலைப்பாகையும் அணிந்து வரிசையாக உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்வது அந்த நாட்களில் சாதாரணக் காட்சி.

ஊருக்குப் போக முடியாதவர்கள் இப்போது ஸாலோ செயலியில் படம் பார்த்துப் பேசி வாழ்த்துகிறார்கள். திரையிலும் வரிசை மாறுவதில்லை. பேரப்பிள்ளைகள் கைகட்டி நின்று முதலில் சொல்கிறார்கள், தாத்தா பாட்டி பிறகு பதில் சொல்கிறார்கள்.

மாறுவது உறை போகும் திசைதான். பேரன் படித்து முடித்து வேலைக்குப் போன முதல் டெட்டிலிருந்து தாத்தா பாட்டிக்கு அவனும் சிவப்பு உறை கொடுக்கவேண்டும். அவர்களின் ஆயுள் நீள வேண்டும் என்பதற்காகக் கொடுப்பது அது. தொகை கொஞ்சம் கூடுதலாக இருக்கும். தாத்தா பெயருக்கு மறுத்துவிட்டு வாங்கிக்கொள்வார். தம் கையிலிருந்தும் ஒரு சின்ன உறையை எடுத்து நீட்டுவார், பேரனுக்கு முப்பது வயதானாலும். அப்போதும் அவன் சொல்ல வேண்டிய வாக்கியம் ஐந்து வயதில் கைகட்டி நின்று கற்றுக்கொண்ட அதே வாக்கியம்தான். சம்பளம் வாங்குகிறவனும் அதில் "சாவ்", பேரன்தான்.