மூல ஆயின்மென்ட்: ட்யூபின் பின்பக்கத்தைப் படியுங்கள்

மயிலாப்பூர் கச்சேரி ரோடானாலும் தி.நகர் உஸ்மான் ரோடானாலும், மருந்துக்கடையில் இந்த ஒன்றை மட்டும் எல்லோரும் தணிந்த குரலில்தான் கேட்கிறார்கள்: "பைல்ஸுக்கு ஒரு ஆயின்மென்ட் குடுங்க." கூச்சத்தில் கேள்வி எதுவும் கேட்காமல் ட்யூபைப் பைக்குள் போட்டுக்கொண்டு நடையைக் கட்டிவிடுகிறோம். அது ஒரே மருந்தல்ல, பல மருந்துகளின் கூட்டு என்பது அட்டையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது.

ஒரு ட்யூபைப் பிரித்துப் பார்ப்போம்

நம் ஊர்க் கடைகளில் பரவலாகக் கிடைக்கும் ஒரு கூட்டை எடுத்துக்கொள்வோம். 20 கிராம் ட்யூப். அதில் லிக்னோகெய்ன் 2.5 சதவீதம், பெக்லோமெத்தசோன் 0.025 சதவீதம், பினைலெஃப்ரின் 0.1 சதவீதம்.

லிக்னோகெய்ன் மரத்துப்போகச் செய்வது. பெயர் 'கெய்ன்' என்று முடிந்தால் பெரும்பாலும் இந்த வகைதான், சின்கோகெய்னும் அப்படியே. சில நிமிடங்களில் எரிச்சல் அடங்குவது இதனால்தான். புண் ஆறுவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சிலருக்கு இதுவே ஒவ்வாமையைக் கிளப்பிவிடும். மருந்து போடப் போட அரிப்பு கூடினால், இன்னும் கொஞ்சம் போடாமல் நிறுத்த வேண்டும்.

பினைலெஃப்ரின் ரத்தக் குழாய்களைச் சுருக்கி வீக்கத்தைத் தணிப்பது. ரத்த அழுத்தம், இதய நோய், புராஸ்டேட் தொல்லை உள்ளவர்கள் இந்த வரியைப் பார்த்ததும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. பி.பி. மாத்திரையை நாள் தவறாமல் விழுங்குகிறவர்கூட, பூசும் மருந்துதானே என்று இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

நாள் எண்ண வேண்டிய வரி

பெக்லோமெத்தசோன், ஹைட்ரோகார்ட்டிசோன் என்று 'சோன்' ஒலியில் முடிபவை ஸ்டீராய்டுகள். சதவீதம் சிறியதாக இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது. 0.025 என்ற அளவிலேயே பெக்லோமெத்தசோன் தோலில் வேலை செய்யும். அரிப்பையும் வீக்கத்தையும் நன்றாகவே அடக்கும். ஆனால் மருத்துவர் வேறு விதமாகச் சொல்லாத வரை, ஒரு வாரத்துக்கு மேல் தொடரக் கூடாது.

இங்கேதான் ட்யூபின் அளவு நம்மை ஏய்க்கிறது. ஆள்காட்டி விரலின் கடைசிக் கணு நீளத்துக்குப் பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். காலை, இரவு என இரண்டு வேளைக்கு ஒரு கிராம். ஏழு நாள் முடியும்போது ட்யூபில் இன்னும் 13 கிராம் மிச்சம் இருக்கும். காசு கொடுத்து வாங்கியதை வீணாக்குவானேன் என்று தீரும்வரை பூசினால், கெடுவைப் போல மூன்று மடங்கு நாள் ஸ்டீராய்டு போட்டதாகிவிடும். ஏற்கெனவே மெல்லிய ஆசனவாய்த் தோல் அதில் இன்னும் மெலிந்து, எளிதில் வெடிக்கும்.

சென்னைப் புழுக்கத்தில் இன்னொரு வம்பும் உண்டு. அந்த இடத்து அரிப்பு எல்லாமே மூலம் அல்ல, படர்தாமரையாகவும் இருக்கலாம். ஸ்டீராய்டு பட்டதும் அரிப்பும் சிவப்பும் அடங்கும், பூஞ்சையோ உள்ளுக்குள் செழிக்கும். நிறுத்திய சில நாளில் முன்னைவிட அகலமாகத் திரும்பி வந்தால் சந்தேகப்படுங்கள்.

2018 மார்ச்சில் மத்திய அரசு, பெக்லோமெத்தசோன் உட்பட 14 ஸ்டீராய்டு பூச்சுகளுக்கு இருந்த விலக்கை நீக்கி, மருத்துவர் சீட்டு கட்டாயம் என்றது. அட்டையில் இருக்கும் எச்சரிக்கைக் கட்டம் அதைத்தான் சொல்கிறது. கடைக்காரர் சீட்டு கேட்டால் கோபப்பட வேண்டாம்.

துத்தநாக ஆக்ஸைடு, அலன்டோயின், பாரஃபின் ஆகியவை இதமூட்டி, ஈரத்திலிருந்து தோலைக் காப்பவை. இவை மட்டுமே உள்ள பூச்சுக்கு இந்தக் கெடுபிடி கிடையாது.

சப்போசிட்டரி வாங்கும்போது

ஆசனவாய்க்குள் ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டருக்கு மேலே வலி தெரியாது. உள்மூலம் வலியில்லாமல் ரத்தம் கசிவது அதனால்தான். உள்ளே போய்க் கரையும் சப்போசிட்டரியில் மரப்பு மருந்து இருந்தும் வெளிப்புற வலிக்குப் பெரிய பலன் இருக்காது. சுரீரென்று வலித்தால் அது பெரும்பாலும் வெடிப்பு அல்லது வெளிமூலத்தில் கட்டிய ரத்தக்கட்டி. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

வெறுமனே 'சப்போசிட்டரி' என்று கேட்டால் மலமிளக்கிதான் கைக்கு வரும் வாய்ப்பு அதிகம். பிசாகோடில் அல்லது கிளிசரின் என்று எழுதியிருந்தால் அது மலம் கழிக்க வைப்பது, மூலத்துக்கானது அல்ல. மூலத்துக்கான சப்போசிட்டரி உடல் சூட்டில் உருகச் செய்த பொருள் என்பதால், சித்திரை வெயிலில் அடையாறிலிருந்து வீடு போய்ச் சேர்வதற்குள் இளகிவிடலாம். உறையைப் பிரிக்காமல் சற்று நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீஸரில் வேண்டாம். மலம் கழித்த பிறகு வைத்தால்தான் உள்ளே தங்கும்.

ஒரு வாரத்தில் தணியாவிட்டாலோ, ரத்தம் கருத்தோ மலத்தோடு கலந்தோ வந்தாலோ, நாற்பத்தைந்தைத் தாண்டியவருக்கு முதல்முறையாக ரத்தம் கண்டாலோ, ட்யூபை மாற்றிப் பார்ப்பதில் பொருளில்லை. குடல் புற்றுநோயிலும் இப்படி ரத்தம் வரும். ராயப்பேட்டை அரசு மருத்துவமனை போன்ற இடங்களின் அறுவைசிகிச்சைப் பிரிவில் காட்டும்போது, அதுவரை பூசிய ட்யூபையும் எடுத்துச் செல்லுங்கள். எந்த ஸ்டீராய்டு, எத்தனை நாள் என்பதுதான் அங்கே முதலில் தெரிய வேண்டியது.