பேட் அசலா? அடிமுனைப் படத்தைக் கேளுங்கள்

பழைய பொருள் விற்கும் செயலியில் பெயர்பெற்ற பிராண்ட் பேட் ஒன்று பாதி விலைக்கு வருகிறது. ‘இங்கிலீஷ் வில்லோ, கிரேடு 1, புதியது’ என்று எழுதி நான்கு படங்கள் போட்டிருக்கிறார்கள். பெரும்பாலோர் முதலில் ஸ்டிக்கரைப் பெரிதாக்கிப் பார்ப்பார்கள். ஆனால் போலி செய்பவருக்கு மிக எளிதாகக் கிடைப்பதும் ஸ்டிக்கர்தான். பெரிய பிராண்டுகளின் பெயரில் ஸ்டிக்கர் செட்கள் தனியாகவே விற்கின்றன. அதனால் எதைப் போலி செய்வது கடினமோ, அங்கிருந்து பார்க்கத் தொடங்க வேண்டும். அது மரம்.

பேட்டின் முகத்தில் மேலிருந்து கீழாக ஓடும் கோடுகளைக் கிரெயின் என்கிறோம். அவை மரத்தின் ஆண்டு வளையங்கள். மழை நன்றாகப் பெய்த ஆண்டில் இடைவெளி அகலும், வறண்ட ஆண்டில் குறுகும். ஆகவே உண்மையான கோடுகள் ஒரே அளவு இடைவெளியில் இருப்பது அரிது. சில கோடுகள் லேசாக வளையும், ஆங்காங்கே சிறு புள்ளியோ கறையோ தெரியும். ஒரு பக்க ஓரத்தில் செம்பழுப்புப் பட்டை ஓடினால் அது மரத்தின் உள்வைரம், குறை அல்ல. காஷ்மீர் வில்லோ பொதுவாகச் சற்றுப் பழுப்பாக, எடை கூடியதாக இருக்கும். அதை வெளுக்க வைத்து, மேலே கோடுகளை அச்சிட்டு, இங்கிலீஷ் வில்லோ என்று விற்பதுதான் வழக்கமான ஏமாற்று வேலை. நிறத்தை மட்டும் நம்பவும் முடியாது, வெளிச்சமும் போன் கேமராவும் அதை மாற்றிவிடும்.

நம்பக்கூடியது பேட்டின் அடிமுனை, அதாவது டோ. வளையங்கள் முகத்திலிருந்து பின்புறம் வரை மரத்தை ஊடுருவி நிற்பவை. எனவே முகத்தில் தெரியும் ஒவ்வொரு கோடும் டோவின் வெட்டுமுகத்தில் முன்னிருந்து பின்னாகத் தொடர வேண்டும். பின்புறத்திலும் ஏறக்குறைய அதே எண்ணிக்கை தெரிய வேண்டும்; வளையங்கள் சற்றுச் சாய்ந்திருந்தால் ஓரங்களில் ஒன்றிரண்டு கூடலாம், குறையலாம். அச்சிட்ட கோடு மேல்தோலோடு நின்றுவிடும், டோ வரை இறங்காது.

இப்போது அந்த விளம்பரத்துக்கே வருவோம். முகப் படத்தில் 11 கோடுகள், எல்லாம் ஒரே தடிமன், ஒரே இடைவெளி. பின்புறப் படத்தில் ஸ்டிக்கருக்குக் கீழே தெரியும் மரத்தில் நான்கு கோடுகள், அவையும் அகன்றும் மங்கியும் இருக்கின்றன. இரண்டும் ஒரே மரத்தில் இருக்க வழியில்லை. டோவின் படம் இருக்கிறது, ஆனால் கறுப்பு ரப்பர் மூடியிருக்கிறது. இந்த நிலையில் கூடுதல் படம் கேட்காமலே விலகிவிடலாம்.

டோ கார்டு இருப்பதே தவறு என்று எண்ண வேண்டாம். ஈரமும் அடியும் தாங்க அதை ஒட்டுவது வழக்கம். சில பேட்களில் தொழிற்சாலையிலேயே ஒட்டியிருக்கும், சிலவற்றில் கடைக்காரர் ஒட்டித் தருவார். ரப்பர் அடிப்பரப்போடு நிற்கிறதா, விளிம்பு சீராக வெட்டப்பட்டிருக்கிறதா, பசை வழிந்திருக்கிறதா என்று பாருங்கள். முகத்தின் மேல் தாராளமாக ஏறி நிற்கும் ரப்பர், விரிசலையோ நிரப்பிய பூச்சையோ மறைக்கலாம். அப்போது ரப்பருக்குச் சற்று மேலே, முன்னும் பின்னும் கிட்டத்தில் எடுத்த படங்களைக் கேட்டு, கோடுகளை எண்ணி ஒப்பிடுங்கள்.

கிரிப் மிகப் பலவீனமான சாட்சி. சில நிமிடங்களில் மாற்றிவிடலாம் என்பதால், நல்ல பேட்டில் மலிவான கிரிப்பும் போலியில் அசல் கிரிப்பும் இருக்க முடியும். அதைவிடக் கைப்பிடி மரத்தோடு சேரும் இடத்தைப் பாருங்கள். பிரம்புக் கைப்பிடி ஆங்கில வி எழுத்து வடிவில் பிளேடுக்குள் இறங்கும். அந்த இணைப்புக் கோடு இடைவெளியின்றி நேராகத் தெரிய வேண்டும்.

ஸ்டிக்கர் கடைசியில்தான். அதே மாடலின் படத்தைத் தயாரிப்பாளரின் தளத்தில் திறந்து, எழுத்தின் தடிமன், நிறம், ஸ்டிக்கர் தொடங்கும் இடம் மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். சில பிராண்டுகள் ஹாலோகிராமோ வரிசை எண்ணோ தருகின்றன. சரிபார்க்கும் வசதி இருந்தால் அந்த எண்ணைக் கேளுங்கள். ஆனால் ஸ்டிக்கர் பொருந்துவதால் மரம் அந்த ஆலையில் செதுக்கப்பட்டது என்று ஆகிவிடாது. சச்சின் பேட்டில் மின்னிய எம்.ஆர்.எஃப். என்பதே டயர் நிறுவனத்தின் விளம்பரம்தான்.

இந்த முறைக்கு எல்லை உண்டு. உண்மையான இங்கிலீஷ் வில்லோவில் வேறொரு பட்டறை செய்த பேட்டுக்குப் பெரிய பிராண்ட் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் படத்தில் மரம் எல்லாத் தேர்விலும் தேறிவிடும். அங்கே கேட்க வேண்டியது கடை ரசீதை. அது இல்லையென்றால், பிராண்டுக்கான விலையைக் கொடுக்காமல், மரத்துக்கான விலையை மட்டும் பேசுங்கள்.