மாட்டைப் பார்க்காதீர்கள், அணிலைப் பாருங்கள்!

கைப்பேசியில் மாட்டுப் படத்தைப் பார்த்து விலை பேசுவது இன்று சாதாரணமாகிவிட்டது. மதுராந்தகம் பக்கம் மூன்று ஏக்கர் வைத்திருக்கும் ஒரு வாசகருக்கும் அப்படி ஒரு படம் வந்தது. கன்றுடன் நிற்கும் கிர் பசு. ‘சென்னை மயிலாப்பூரில் வீட்டில் வளர்க்கும் மாடு. இடம் போதவில்லை, அதனால் கொடுக்கிறோம். பத்தாயிரம் முன்பணம் அனுப்பினால் வண்டியில் ஏற்றி அனுப்புகிறோம்’ என்று கூடவே ஒரு செய்தி. படத்தில் மயில்கூட நிற்கிறது, மயிலாப்பூர்தானே என்று வீட்டார் நம்பிவிட்டார்கள். அவருக்கு மட்டும் மனது ஒப்பவில்லை. ‘படத்தை வைத்து அது எந்த ஊர் என்று கண்டுபிடிக்க வழி உண்டா?’ என்பது அவருடைய கேள்வி.

ஓரளவுக்கு வழி உண்டு. படத்தில் இருக்கும் ஒவ்வோர் உயிரையும் பார்த்து, ‘இது எங்கெங்கே வாழும்?’ என்று கேட்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைகள் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று விழும் இடத்தில்தான் படம் எடுக்கப்பட்டிருக்க முடியும்.

முதலில் அந்த மயிலை எடுத்துக்கொள்வோம். மயில் தமிழ்நாட்டிலும் உண்டு, குஜராத்திலும் உண்டு, ராஜஸ்தானிலும் உண்டு. ஊர்ப் பெயரில் மயில் இருப்பதால் படத்திலுள்ள மயில் சாட்சி ஆகிவிடாது. காகம், புறா, மைனா, மாட்டின் காலடியில் மேயும் உண்ணிக்கொக்கு இவையும் அப்படித்தான். தி.நகர் தெருவில் தெரியும் அதே காகமும் புறாவும் வடநாட்டு நகரங்களிலும் தெரியும். எங்கும் இருப்பதை வைத்து ஓர் இடத்தைச் சொல்ல முடியாது.

அடுத்தது மாடு. கிர், குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதி இனம். புடைத்த நெற்றியையும், மடங்கித் தொங்கும் நீண்ட காதையும் பார்த்தால் இனத்தைச் சொல்லிவிடலாம். ஆனால், ஊரைச் சொல்ல முடியாது. கிர் மாடுகள் தமிழ்நாட்டுப் பண்ணைகளுக்கு வந்து பல வருடங்கள் ஆகின்றன. காங்கேயமும் இன்று கொங்குநாட்டில் மட்டுமா இருக்கிறது? கோயில் கோசாலைகளில் எந்தெந்த ஊரிலிருந்தோ தானமாக வந்த மாடுகள் நிற்கின்றன. மனிதன் லாரியில் ஏற்றிக்கொண்டு போகும் உயிரை வைத்து இடத்தை முடிவு செய்யக் கூடாது.

பெரிய மந்தையாக மேயும் ஆடுகள் மட்டும் கொஞ்சம் உதவும். செம்பழுப்பு நிறத்தில் ‘சென்னை சிவப்பு’ செம்மறி மந்தை தெரிந்தால், செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கம் என்று எண்ண இடமுண்டு. ஒற்றை ஆட்டை வைத்து அப்படிச் சொல்ல முடியாது.

அப்படியானால் எதைத்தான் நம்புவது? யாரும் விலைக்கு வாங்காத, யாரும் வண்டியில் ஏற்றாத சின்ன உயிர்களை. இந்தப் படத்தில் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் ஓர் அணில் உட்கார்ந்திருக்கிறது. விற்பவர் அதைக் கவனித்திருக்க மாட்டார்.

நம் ஊர் அணிலுக்கு முதுகில் மூன்று வெள்ளைக் கோடுகள். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பது இந்த வகை. வட இந்தியாவில் இருப்பது ஐந்து கோட்டு அணில். மூன்று கோடுகளோடு, விலாவின் கீழே பக்கத்துக்கு ஒன்றாக இன்னும் இரண்டு மங்கலான கோடுகள் அதற்கு உண்டு. நாட்டின் நடுப்பகுதியில் இரண்டு வகையும் கலந்து இருக்கும். மயிலாப்பூர் மாடவீதியிலும் அடையாறு ஆலமரத்திலும் ஓடுவது மூன்று கோட்டு அணில்.

படத்தில் அணில் பக்கவாட்டில்தானே தெரியும், எப்படி எண்ணுவது? ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் நம் அணிலுக்கு நடுக்கோடு ஒன்று, பக்கக் கோடு ஒன்று என இரண்டுதான் தெரியும். வடக்கத்தி அணிலுக்கு மூன்று தெரியும். வாசகர் படத்தைப் பெரிதாக்கி எண்ணினார். மூன்று தெரிந்தது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பல கை மாறி வந்த படம் மங்கலாகிவிடும். அப்போது கீழ்க்கோடு மறைந்து, ஐந்து கோட்டு அணிலும் மூன்று கோடு போலத் தெரியும். அதனால், மூன்றாவது கோடு தெளிவாகத் தெரிந்தால் அது சாட்சி. தெரியாவிட்டால், ‘நம் ஊர் அணில்தான்’ என்று அவசரப்பட்டு முடிவு கட்டக் கூடாது.

ஒரு சாட்சி போதாது என்று வாசகர் இன்னும் இரண்டு படங்கள் கேட்டு வாங்கினார். ஒன்றில் தொழுவத்துக் கூரைமேல் குரங்கு. நம் நாட்டுக்குரங்குக்கு வால் கிட்டத்தட்ட உடம்பளவு நீளம். தலைமயிர் நடுவகிடு எடுத்துக் குல்லாய் வைத்ததுபோல இருக்கும். இது தென்னிந்தியாவில் மட்டுமே உள்ள இனம், இலங்கையில்கூட இல்லை. வடநாட்டுக் குரங்குக்கு வால் உடம்பில் பாதி அளவுதான். பின்பக்கம் செம்மை படர்ந்திருக்கும். அது இப்போது தெற்கு நோக்கி நகர்ந்து தெலங்கானா வரை வந்திருந்தாலும், சென்னையின் குரங்கு இன்றும் நாட்டுக்குரங்குதான். படத்தில் இருந்தது குட்டை வால்.

அணிலும் குரங்கும் ஒரே திசையைக் காட்டின. படம் எந்த மாநிலத்தில் எடுத்தது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால், மயிலாப்பூரில் எடுத்ததல்ல என்று சொல்லலாம். முன்பணம் அனுப்பலாமா வேண்டாமா என்பதற்கு அது போதும்.

தென்சென்னைதான் என்று அடித்துச் சொல்லும் விலங்கு ஏதாவது உண்டா என்றால், அடையாறு பக்கம் உள்ள வெளிமானைச் சொல்லலாம். கிண்டி தேசியப் பூங்காவிலும் அதையொட்டிய ஐ.ஐ.டி. வளாகத்திலும் முறுக்குக் கொம்பு வெளிமானும் புள்ளிமானும் திரிகின்றன. ஆனால், இங்கேயும் அவசரம் கூடாது. கோடியக்கரையிலும் வெளிமான், புள்ளிமான், நாட்டுக்குரங்கு மூன்றும் உண்டு. பக்கத்தில் காட்டில் திரியும் மட்டக்குதிரையோ உப்புவெளியோ தெரிந்தால் அது கோடியக்கரை. பின்னால் மாடிக் கட்டடமும் சாலையும் தெரிந்தால் கிண்டி. எந்த விலங்கையும் தனியாக வைத்துப் பார்க்கக் கூடாது. கூட நிற்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

படம் வேறு ஊரில் எடுத்தது என்பதாலேயே விற்பவர் மோசடிக்காரர் ஆகிவிட மாட்டார். மாட்டை வடக்கிலிருந்து வாங்கி வந்தவர், அங்கே எடுத்த பழைய படத்தையே அனுப்பியிருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ளவும் வழி உண்டு. வாசகர் இரண்டு விஷயம் கேட்டார். ஒன்று, இப்போதே வீடியோ அழைப்பில் மாட்டையும் தெருவையும் சேர்த்துக் காட்ட வேண்டும். இரண்டு, மாட்டின் காதில் உள்ள மஞ்சள் வில்லையின் 12 இலக்க எண்ணைச் சொல்ல வேண்டும். அந்த எண் கிடைத்தால், பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கொடுத்து, மாடு எங்கே, யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று விசாரிக்கலாம்.

‘நாளைக்குக் காட்டுகிறேன்’ என்றார் விற்பவர். மறுநாள் ‘முன்பணம் வந்தால்தான் காட்டுவேன்’ என்றார். வாசகர் பணம் அனுப்பவில்லை. அடுத்த மாட்டுச் சந்தைக்கு நேரில் போய்ப் பல்லைப் பார்த்து, மடியைத் தொட்டுப் பார்த்து, ஒரு வேளை பாலைக் கறந்து பார்த்த பிறகே வாங்குவது என்று இருக்கிறார்.