தள்ளுபடியான கடனின் மீதி விலை

கடனைத் தவணைப்படி கட்ட முடியாமல் போனவரிடம், மொத்தப் பாக்கியில் ஒரு பகுதியை மட்டும் வாங்கிக்கொண்டு கணக்கை முடித்துக்கொள்ள வங்கி சம்மதிப்பதுதான் ஒருமுறைத் தீர்வு. வங்கிக் கிளையில் இதை ஓடிஎஸ் என்பார்கள். வசூல் ஏஜென்ட்டுகள் சுருக்கமாக ‘செட்டில்மென்ட்’ என்பார்கள். பணத்தை மொத்தமாகவோ, சில மாதங்களுக்குள் இரண்டு மூன்று தவணைகளாகவோ கட்டலாம். கட்டி முடித்தபின் மீதிப் பாக்கிக்காக வங்கி கடனாளியைத் தேடி வராது. ஆனால் அந்த மீதி கடன் தகவல் அறிக்கையில் பதிவாகிவிடுகிறது, அங்கிருந்துதான் அதன் செலவு தொடங்குகிறது.

இது கடனாளிக்கு உரிய உரிமை அல்ல. ஒருமுறைத் தீர்வு வழங்கும்படி வங்கியைக் கட்டாயப்படுத்த முடியாது, அது வங்கியின் வணிக முடிவு என்று 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. வட்டியோ அசலோ 90 நாட்களுக்கு மேல் கட்டப்படாமல் இருந்தால் கடன் வாராக்கடனாக வகைப்படுத்தப்படுகிறது. பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் இந்தப் பேச்சு எழும். அடமானம் இல்லாத தனிநபர் கடன், கிரெடிட் கார்டு பாக்கி ஆகியவற்றில் வங்கி எளிதில் இறங்கி வரும், ஏனென்றால் பறிமுதல் செய்து விற்க அதன் கையில் எதுவும் இல்லை. வீடோ நிலமோ அடமானத்தில் இருந்தால் அவ்வளவு எளிதில் இறங்காது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். ஒருவர் 3,00,000 ரூபாய் தனிநபர் கடனை 15 சதவீத வட்டியில், 48 மாதத் தவணையில் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை சுமார் 8,349 ரூபாய். 14 தவணைகளை ஒழுங்காகக் கட்டியபின் வேலை போகிறது. அப்போது நிற்கும் அசல் சுமார் 2,30,000 ரூபாய். அடுத்த 14 மாதங்கள் எதுவும் கட்டவில்லை. அந்தக் காலத்து வட்டி சுமார் 40,000 ரூபாயும், அபராதக் கட்டணங்கள் 15,000 ரூபாயும் சேர்ந்து, வங்கி கேட்கும் தொகை 2,85,000 ரூபாய் ஆகிவிடுகிறது. பேச்சு நடந்து 1,40,000 ரூபாயில் முடிகிறது. கடனாளியின் பார்வையில் 1,45,000 ரூபாய் மிச்சம். வங்கியின் பார்வையில் அதில் 55,000 ரூபாய்தான் வராத வட்டியும் கட்டணமும். மீதி 90,000 ரூபாய் அது தன் கையிலிருந்து கொடுத்த அசல். அடுத்து கடன் கொடுக்க வரும் எந்த நிறுவனமும் இந்த 90,000 ரூபாயைத்தான் பார்க்கும்.

அதைப் பார்க்க வைப்பது கடன் தகவல் அறிக்கை. இந்தியாவில் டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என நான்கு நிறுவனங்கள் இந்த அறிக்கையைத் தருகின்றன. ‘சிபில் ஸ்கோர்’ என்று எல்லோரும் சொல்லும் 300 முதல் 900 வரையிலான எண் இந்த அறிக்கையிலிருந்து கணக்கிடப்படுவதுதான். செட்டில்மென்ட் செய்தவர்கள் அந்த எண்ணை மட்டும் பார்த்துவிட்டு நின்றுவிடுகிறார்கள். ஆனால் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் அதிகாரி எண்ணைத் தாண்டி, ஒவ்வொரு கடன் கணக்கின் கட்டத்தையும் படிப்பார்.

அந்தக் கட்டத்தில் இரண்டு இடங்கள் முக்கியமானவை. ஒன்று, கணக்கு எந்த நிலையில் முடிந்தது என்பது. முழுத் தொகையும் கட்டியிருந்தால் அங்கே Closed என்று இருக்கும். குறைத்துப் பேசி முடித்திருந்தால் Settled என்று வரும், நிலுவைத் தொகை பூஜ்யமாகவே காட்டினாலும். வங்கி ஏற்கெனவே அந்தக் கடனைத் தன் கணக்கேட்டிலிருந்து நீக்கியிருந்தால் Written-off என்று இருக்கும். அப்படி நீக்கியபின் பேசி முடித்ததற்குத் தனியாக இன்னொரு குறியும் உண்டு. இவற்றோடு தீர்வுத் தொகை எவ்வளவு, தள்ளுபடியானது எவ்வளவு என்ற எண்களும் இடம்பெறலாம்.

இன்னொரு இடம், மாதவாரியாகத் தவணை எத்தனை நாள் தாமதமானது என்று காட்டும் வரிசை. சிபில் அறிக்கையில் இது 36 மாதங்களுக்கு இருக்கும். ஒழுங்காகக் கட்டிய மாதத்துக்கு 000, தவறினால் 30, 60, 90 என்று ஏறிக்கொண்டே போகும். மேலே சொன்ன கடனாளிக்கு, தீர்வுக் கடிதம் கையில் வருவதற்கு முன்பே 14 மாதத் தாமதம் இந்த வரிசையில் ஏறிவிட்டது. அவருடைய மதிப்பெண்ணின் பெரிய சரிவு அப்போதே நடந்து முடிந்திருக்கும். செட்டில்மென்ட் செய்ததால்தான் ஸ்கோர் விழுந்தது என்று சொல்வது பாதி உண்மைதான். தாமதம் ஸ்கோரைக் கீழே தள்ளுகிறது. Settled என்ற குறி, அது மேலே ஏறிய பிறகும் அறிக்கையில் தங்கிவிடுகிறது.

ஆகவே ஒரே ஒருமுறைத் தீர்வு ஒருவருக்கு நஷ்டமாகவும் இன்னொருவருக்கு லாபமாகவும் அமையும். ஒன்றிரண்டு தவணை மட்டும் தவறியவர், ஏஜென்ட்டின் நெருக்கடிக்குப் பயந்து செட்டில் செய்தால், சில மாதங்களில் சரியாகிவிடக்கூடிய அறிக்கையில் நீண்டகாலக் கறையை அவரே ஏற்றிக்கொள்கிறார். பல ஆண்டுகளாகக் கட்டாமல், Written-off என்று பாக்கியோடு நிற்கும் கணக்கு உடையவருக்கோ தீர்வு முன்னேற்றம்தான். திறந்து கிடக்கும் பாக்கியைவிட முடிந்துபோன கணக்கு எந்த நாளும் மேல். நோயாலோ நிரந்தர வருமான இழப்பாலோ முழுத் தொகையைக் கட்டவே வழியில்லாதவருக்கும் இதுதான் சரியான வாசல்.

இனி விலை. ரிசர்வ் வங்கி 2023 ஜூனில் வெளியிட்ட சமரசத் தீர்வு விதிகளின்படி, விவசாயம் அல்லாத கடனில் செட்டில் செய்தவருக்கு அதே நிறுவனம் குறைந்தது 12 மாதங்கள் புதுக் கடன் தரக்கூடாது. இந்தக் காலத்தை இன்னும் நீட்டிக்கவும் நிறுவனங்களுக்கு அனுமதி உண்டு. மற்ற வங்கிகளை இந்தத் தடை கட்டுப்படுத்தாது. ஆனால் அவை அறிக்கையைப் பார்த்துத் தாங்களே மறுக்கலாம், அல்லது கூடுதல் வட்டி கேட்கலாம்.

அந்தக் கூடுதல் வட்டிதான் கண்ணுக்குத் தெரியாத செலவு. நம் கடனாளிக்கு மீண்டும் வேலை கிடைத்து, சில ஆண்டுகள் கழித்து 25 லட்சம் ரூபாய் வீட்டுக் கடனுக்குப் போகிறார். நல்ல அறிக்கை உள்ளவருக்கு 8.5 சதவீதத்தில் கிடைக்கும் கடன் இவருக்கு 10 சதவீதத்தில்தான் கிடைக்கிறது என்று கொள்வோம். 20 ஆண்டுக் கடனில் தவணை 21,696 ரூபாய்க்குப் பதில் 24,126 ரூபாய் ஆகிறது. மாதம் 2,430 ரூபாய் அதிகம். அன்று மிச்சம் பிடித்த 1,45,000 ரூபாய் சரியாக ஐந்தே ஆண்டுகளில் வட்டியாகப் போய்விடும். பிறகு அறிக்கை சீரானபின் கடனை வேறு வங்கிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பது உண்மை. மாற்றும் நாள்வரை போன பணம் போனதுதான். வீடு வாங்கும் எண்ணமே இல்லாதவருக்கு இந்தச் செலவு மிகக் குறைவு. இதை அவரவர் கணக்கில் போட்டுப் பார்க்காமல் ‘பாதிக்குப் பாதி லாபம்’ என்று முடிவெடுப்பதில் அர்த்தமில்லை.

கடனோடு இது நிற்பதும் இல்லை. கடனில் இணைந்து கையெழுத்திட்டவர், ஜாமீன் நின்றவர் ஆகியோரின் அறிக்கையிலும் அதே கணக்கு இருக்கும். வங்கி வேலைக்குப் போகிறவர்களுக்கும் இது முக்கியம். பாரத ஸ்டேட் வங்கியின் பணிக்குத் தேர்வான ஒருவரின் நியமனம், கடன் அறிக்கையில் பாதகமான பதிவுகள் இருந்ததால் ரத்தானது. கடன்களை முன்பே அடைத்துவிட்டதாக அவர் சொன்ன பிறகும், 2025இல் சென்னை உயர் நீதிமன்றம் வங்கியின் முடிவைச் சரி என்றது.

செட்டில்மென்ட்டுக்கு முன்னால் இன்னொரு வாசல் இருக்கிறது. அதைத் தட்டுகிறவர்கள் குறைவு. மேற்கண்ட கடனாளி முதல் தவணை தவறும் முன்பே கிளைக்குப் போய், நிற்கும் 2,30,000 ரூபாய் அசலை 60 மாதங்களுக்கு நீட்டித் தரச் சொல்லியிருந்தால், தவணை 8,349 ரூபாயிலிருந்து சுமார் 5,470 ரூபாயாக இறங்கியிருக்கும். சிரமத்தில் செய்யும் இந்த மறுசீரமைப்பும் அறிக்கையில் பதிவாகும், மொத்த வட்டியும் கூடும். ஆனால் வங்கியின் அசலில் ஒரு ரூபாயும் போகவில்லை என்பதால், அடுத்த அதிகாரி அதைப் படிக்கும் விதமே வேறு. அசலையும் வட்டியையும் முழுதாகக் கட்டி, அபராதக் கட்டணத்தை மட்டும் விட்டுத்தரக் கேட்பதும் ஒரு வழி. அப்போது கணக்கு Closed என்று பதிவாகுமா என்பதைப் பணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்க வேண்டும்.

தீர்வுதான் முடிவு என்றால், எல்லாமே கடிதத்தில்தான் இருக்கிறது. வங்கியின் பெயரச்சிட்ட தாளில் கடன் கணக்கு எண், தீர்வுத் தொகை, கட்ட வேண்டிய தேதிகள், மீதியைக் கோரமாட்டோம் என்ற உறுதி ஆகியவை இருக்க வேண்டும். ஏஜென்ட்டின் வாட்ஸ்அப் செய்தி கடிதம் ஆகாது. பணம் கடன் கணக்குக்கே போக வேண்டும், ஏஜென்ட்டின் சொந்தக் கணக்குக்கோ யூபிஐ எண்ணுக்கோ அல்ல. சொன்ன தேதியில் ஒரு தவணை தவறினாலும் தீர்வு ரத்தாகலாம். அதுவரை கட்டியது பழைய பாக்கியில் கழிக்கப்பட்டு முழுக் கணக்கும் மீண்டும் எழும். சொத்துப் பத்திரம் அடமானத்தில் இருந்தால், தீர்வு முடிந்து 30 நாட்களுக்குள் அதைத் திருப்பித் தர வேண்டும்; வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு.

ஏழு ஆண்டு ஆனால் குறி தானாக அழிந்துவிடும் என்ற பேச்சு பரவலாக உண்டு. தகவலைக் குறைந்தது ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பதே விதி; ஏழாம் ஆண்டு முடிவில் அழித்தே ஆகவேண்டும் என்று அது சொல்லவில்லை. சட்டப்படி Settled என்பதை Closed ஆக மாற்றும் வழி, தள்ளுபடியான தொகையைப் பிறகாவது கட்டி, நிலுவை இல்லை என்ற சான்றைப் பெற்று, வங்கி மூலம் பதிவைத் திருத்துவது மட்டுமே. பணம் வாங்கிக்கொண்டு ‘சிபிலை க்ளியர்’ செய்து தருவதாகச் சொல்லும் தரகர்களிடம் இதற்கு மேல் வித்தை எதுவும் கிடையாது.

நான்கு நிறுவனங்களிடமும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகப் பெறலாம். தீர்வுப் பணம் கட்டி ஒன்றரை இரண்டு மாதங்களில் அதை எடுத்துப் பாருங்கள். நிலுவை இன்னும் பழைய தொகையாகவே நின்றால் வங்கியிடமும் அறிக்கை நிறுவனத்திடமும் கடித நகலோடு புகார் கொடுங்கள். 30 நாட்களுக்குள் அது தீர்க்கப்படாவிட்டால், அதற்குப் பிந்தைய ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு கேட்கும் உரிமை புகார்தாரருக்கு உண்டு.