ஒன்பது மருத்துவரும் ஓர் எல்லைக்கோடும்: டெல்பி முறையில் தரச்சுட்டிகளைத் தெரிவு செய்தல்

நீரிழிவு நோயாளியை ஒரு கிளினிக் நன்கு கவனித்துக்கொள்கிறது என்பதை எவ்வாறு அறிவது? நோயாளியைக் கேட்டால் காத்திருந்த நேரத்தைச் சொல்வார்; மருத்துவரைக் கேட்டால் எழுதிய மருந்தைச் சொல்வார். கிளினிக்குகளை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டுமாயின் எண்ணிப் பார்க்கத்தக்க ஏதேனும் ஒன்று தேவை. சென்ற 12 மாதங்களில் பாதம் பரிசோதிக்கப்பட்ட நோயாளிகள் நூற்றுக்கு எத்தனை பேர் என்பது போன்ற அளவையைத் தரச்சுட்டி என்கிறோம். இத்தகைய சுட்டிகளை எண்ணற்ற வகையில் எழுதலாம். அவற்றுள் எவை தகுதியானவை என்பதை முடிவு செய்ய ஆய்வுச் சான்றுகள் மட்டும் போதுவதில்லை. சான்று இல்லாத இடத்திலும், சான்றுகள் ஒன்றோடொன்று முரண்படும் இடத்திலும் அனுபவமிக்க மருத்துவர்களின் தீர்ப்பையே நாட வேண்டியுள்ளது. அத்தீர்ப்பைத் திரட்டும் வழிகளுள் ஒன்றே டெல்பி முறை.

பழங்கிரேக்கத்தில் குறிசொல்லும் கோயில் இருந்த ஊரின் பெயர் டெல்பி. அப்பெயர் இம்முறைக்குப் பொருந்துவதன்று என்பதே எம் கருத்து. இங்கே எவரும் குறி சொல்வதில்லை. அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் நார்மன் டால்கியும் ஓலாஃப் ஹெல்மரும் 1950களின் தொடக்கத்தில் இம்முறையைச் சோதித்தனர். இராணுவக் காரணங்களால் அச்சோதனை பற்றிய கட்டுரை 1963இல்தான் பொதுவெளிக்கு வந்தது. எழுவரிடம் ஒரு கொடிய கேள்வி கேட்கப்பட்டது: அமெரிக்காவின் போர்த்தளவாட உற்பத்தியைக் குறிப்பிட்ட அளவுக்குக் குறைக்க எதிரிக்கு எத்தனை அணுகுண்டுகள் தேவைப்படும்? முதல் விடைகள் 50 முதல் 5000 வரை பரவிக் கிடந்தன. ஐந்து வினாத்தாள்கள் கடந்தபின் அவை 167க்கும் 360க்கும் இடையில் சுருங்கின. எழுவரையும் ஒரே மேசையில் அமர்த்தவில்லை என்பதே இதில் நாம் நோக்க வேண்டியது. விடைகளும் அவற்றுக்கான காரணங்களும் பெயரின்றிச் சுற்றி வந்தன. மேசையில் அமர்ந்திருந்தால் பதவியில் மூத்தவரோ குரல் உரத்தவரோ சொன்னதே முடிவாகியிருக்கக் கூடும்.

சிலர் இதனை உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் கூறும் குடவோலையோடு ஒப்பிடுவதைக் கேட்டிருக்கிறோம். ஒப்பீடு அழகியது, ஆனால் தவறானது. குடவோலையில் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். அது திருவுளச்சீட்டு, எவர் கருத்தும் அங்கே எண்ணப்படவில்லை. டெல்பி முறையிலோ ஒவ்வொருவர் கருத்தும் எண்ணப்படுகிறது. அதனினும் மேலாக, பிறர் கருத்தை அறிந்தபின் தம் கருத்தை மாற்றிக்கொள்ளும் வாய்ப்பு ஒவ்வொருவருக்கும் அளிக்கப்படுகிறது.

மருத்துவத் தரச்சுட்டிகளுக்கு இம்முறையைப் பெரிய அளவில் பயன்படுத்திய ஆய்வுகளுள் எலிசபெத் மெக்லின் குழுவினரின் ஆய்வு குறிப்பிடத்தக்கது. ஒன்பதின்மர் கொண்ட நான்கு வல்லுநர் குழுக்கள் மதிப்பிட்டுத் தேர்ந்த 439 சுட்டிகளைக் கொண்டு, அமெரிக்காவின் 12 நகரப் பகுதிகளில் வயது வந்தோர் பெற்ற மருத்துவத்தை அவர்கள் அளந்தனர். பெற வேண்டிய கவனிப்பில் 54.9 விழுக்காடுதான் கிடைத்தது என்னும் முடிவு 2003இல் வெளியானது. அந்த எண்ணின் நம்பகத்தன்மை, சுட்டிகளைத் தெரிந்த விதத்தையே சார்ந்து நிற்கிறது. அதனால்தான் தெரிவு நடக்கும் விதத்தை நாம் நெருங்கிப் பார்க்க வேண்டும்.

இதற்கெனப் பினாங்கில் ஒரு குழுவைக் கற்பனை செய்துகொள்வோம். ஜார்ஜ் டவுன், பட்டர்வொர்த், பாலிக் புலாவ், புக்கிட் மெர்தாஜம் ஆகிய இடங்களிலிருந்து ஒன்பது பேர்: நாளமில்லாச் சுரப்பி வல்லுநர், பொது மருத்துவ வல்லுநர், அரசாங்கக் கிளினிக்குகளின் குடும்ப மருத்துவர்கள், தனியார் மருத்துவர், நீரிழிவுத் தாதி, மருந்தாளர். ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியாது. ஒவ்வொருவரும் ஒவ்வொரு சுட்டிக்கும் 1 முதல் 9 வரை மதிப்பெண் இடுவர். 1 முதல் 3 வரை தகாதது. 4 முதல் 6 வரை ஐயத்திற்குரியது. 7 முதல் 9 வரை தக்கது. மதிப்பெண்ணோடு காரணத்தையும் இரண்டொரு வரியில் எழுத வேண்டும். இந்த வரிகளே முறையின் உயிர். மதிப்பெண்ணை மட்டும் திரட்டினால் அது வெறும் வாக்கெடுப்பாகி விடும்.

முதற்சுற்றில் பாதப் பரிசோதனைச் சுட்டிக்கு அனைவரும் 7க்குக் குறையாமல் இட்டனர் என்போம். அதில் பேசுவதற்கு ஒன்றுமில்லை. அடுத்த சுட்டி வேறு விதமானது: மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1சி அளவு 6.5 விழுக்காட்டுக்கு மேற்படாத நோயாளிகள் நூற்றுக்கு எத்தனை பேர்? இதற்கு வந்த மதிப்பெண்களை வரிசைப்படுத்துவோம்: 2, 2, 3, 7, 7, 7, 8, 8, 9.

இச்சுட்டியைக் குழு ஏற்றதா? வரிசையின் நடுவில் நிற்கும் எண்ணாகிய நடுவெண் 7. நடுவெண் 7 இருந்தால் போதும் என்பது விதியானால், சுட்டி தேறிவிட்டது. ஒன்பதின்மருள் 7 முதல் 9 வரை இட்டவர் அறுவர், அதாவது 67 விழுக்காட்டினர். எல்லை 65 விழுக்காடானால் தேறியது. 75 விழுக்காடானால் தோற்றது. ராண்ட் நிறுவனமும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகமும் வகுத்த விதியோ மூன்றாவது வகை: ஒன்பதின்மர் குழுவில் மூவரேனும் கீழ்ப்பகுதியிலும் மூவரேனும் மேற்பகுதியிலும் நின்றால், நடுவெண் எதுவாயினும் அது கருத்து மாறுபாடு. அவ்விதிப்படி இச்சுட்டி நிற்காது. எண்கள் மாறவில்லை, எல்லைக்கோடு மாறியதால் விடை மாறிற்று.

ஆகவே எல்லையை முதல் வினாத்தாள் அனுப்புவதற்கு முன்பே எழுதி வைக்க வேண்டும். மதிப்பெண்களைப் பார்த்தபின் எல்லையை வரைபவர், அம்பு தைத்த இடத்தைச் சுற்றி வட்டம் போடுபவரை ஒப்பார். 2014இல் டயமண்ட் குழுவினர் பல டெல்பி ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, உடன்பட்டோர் விழுக்காட்டைக் கொண்டு இசைவை வரையறுப்பதே மிகுதியாகக் காணப்பட்டது. அவ்வெல்லைகளின் நடுவெண் 75 விழுக்காடு. இந்த 75இல் இயற்கை விதி எதுவுமில்லை, அது வழக்கம். இவ்விடத்தில் மொழி பற்றியும் ஒரு சொல்: இதனை ‘ஒருமித்த கருத்து’ என்று மொழிபெயர்ப்பது பெருவழக்கு. நால்வரில் ஒருவர் மறுத்தும் நிலைபெறும் ஒன்றை ஒருமித்தது என்பதில் எமக்குத் தயக்கம் உண்டு. ‘இசைவு’ என்பதையே இங்கு ஆள்கிறோம்.

இரண்டாம் சுற்றில் ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் செல்லும். குழுவின் மதிப்பெண்கள் எப்படிப் பரவியுள்ளன, தாம் இட்டது எங்கே நிற்கிறது, பெயரின்றிப் பிறர் எழுதிய காரணங்கள் யாவை என்பன அதில் இருக்கும். 2உம் 3உம் இட்ட மூவர் எழுதியதைப் பார்ப்போம். முதியவருக்கும் உடன்நோய் உடையவருக்கும் சர்க்கரையை இவ்வளவு இறக்கினால் தாழ்சர்க்கரை மயக்கம் நேரலாம். முதியோர் மிகுந்த ஊரின் கிளினிக் இந்தச் சுட்டியால் காரணமின்றிக் கெட்ட பெயர் எடுக்கும். இது வீண் பிடிவாதமன்று. மலேசியாவின் 2020ஆம் ஆண்டு நீரிழிவு வழிகாட்டியே இளையோருக்கும் புதிதாக நோய் கண்டோருக்கும் 6.5 என்றும், உடன்நோய் மிகுந்தோருக்கு 7.1 முதல் 8.0 வரை என்றும் இலக்குகளைப் பிரித்துத் தருகிறது. சிறுபான்மையினர் மூவரும் பெரும்பான்மையினர் மறந்த ஒன்றைக் கண்டிருக்கின்றனர்.

ஆகவே ஆய்வாளர் சுட்டியைத் திருத்தி எழுதுகிறார்: நோயாளியின் கோப்பில் முன்பே குறித்து வைத்த இலக்கை எட்டியவர் எத்தனை விழுக்காடு? இரண்டாம் சுற்றின் மதிப்பெண்கள்: 5, 6, 7, 7, 7, 8, 8, 8, 9. நடுவெண் 7, எழுவர், அதாவது 78 விழுக்காட்டினர் மேற்பகுதியில் உள்ளனர், கீழ்ப்பகுதியில் எவருமில்லை. முன்பு பார்த்த எந்த விதியின்படியும் சுட்டி தேறுகிறது. ஆயினும் 5 இட்டவரின் வரியைப் படிக்காமல் விடலாகாது: பல கோப்புகளில் இலக்கு எழுதப்படுவதே இல்லை. இது சுட்டி சரியா என்பதைப் பற்றிய மறுப்பன்று. அதனை அளக்க முடியுமா என்பதைப் பற்றியது. மெக்லின் குழுவினர் இவ்விரண்டையும் இரு தனி மதிப்பெண்களாகக் கேட்டது இதனால்தான். ஒரே மதிப்பெண்ணாகக் கேட்டால் நல்லதும் அளக்க இயலாததுமான சுட்டி, அளக்க எளியதும் பயனற்றதுமான சுட்டியோடு ஒரே இடத்தில் வந்து நிற்கும். இன்னொரு பலவீனமும் இத்திருத்தத்தில் உண்டு. இலக்கைத் தளர்வாகக் குறித்து வைக்கும் கிளினிக் எளிதில் நல்ல பெயர் எடுத்துவிடும்.

முறை வழிதவறும் இடங்களுள் இரண்டை மட்டும் காண்போம். முதலாவது, ஆட்கள் உதிர்தல். முதற்சுற்றின் எண்களையே மீண்டும் எடுத்துக்கொள்வோம். சுட்டியைத் திருத்தாமலே இரண்டாம் தாள் அனுப்பப்படுகிறது. தம் சொல் எடுபடவில்லை எனச் சலித்து, மறுத்த மூவரில் இருவர் பதில் அனுப்பவில்லை. எஞ்சிய எழுவரும் பழைய மதிப்பெண்ணையே இடுகின்றனர். இப்போது எழுவரில் அறுவர் உடன்பாடு. 67 விழுக்காடு 86 ஆகிவிட்டது. எவர் மனமும் மாறவில்லை. இசைவு மட்டும் வந்துவிட்டது! அறிக்கையைப் படிப்பவர் ஒவ்வொரு சுற்றிலும் எத்தனை பேர் இருந்தனர், விலகியவர் முன்பு என்ன மதிப்பெண் இட்டிருந்தனர் என்பதைத் தேட வேண்டும். அவ்விவரம் அச்சாகவில்லையாயின் விழுக்காட்டை நம்புவதற்கு இடமில்லை.

இரண்டாவது, கூட்டத்தோடு சாய்தல். 1975இல் ஷைபேயும் உடனாய்வாளர்களும் வெளியிட்ட ஒரு சோதனையில், குழுவின் விடைகள் எனப் பொய்யான எண்கள் பங்கேற்றோருக்குக் காட்டப்பட்டன. அடுத்த சுற்றில் அவர்களின் விடைகள் அப்பொய்யை நோக்கி நகர்ந்தன. பெயர் மறைத்தல் தலைவரின் அழுத்தத்தைத் தடுக்கும். பெரும்பான்மையின் அழுத்தத்தை முற்றிலும் தடுக்காது. மதிப்பெண்ணை மாற்றியவர் புதிய காரணம் ஏதும் எழுதாமல் நடுவெண்ணுக்கு அருகில் வந்து நின்றால், அது சிந்தனையின் விளைவா சலிப்பின் விளைவா என்று ஐயுறலாம். சுற்றுகளைப் பெருக்கினால் இசைவு வளரும் என்னும் ஆசையும் இங்கே அடிபடுகிறது. விடைகள் ஒரு சுற்றிலிருந்து அடுத்ததற்கு அசையாமல் நின்றுவிட்டால், பிளவு இருந்தபோதிலும் அங்கேயே நிறுத்துவது முறை. பிளவும் ஒரு முடிவே. அதனை அவ்வாறே அச்சிட வேண்டும்.

நம் கற்பனைக் குழுவில் இன்னும் ஒரு வேலை எஞ்சியிருக்கிறது. தேறிய சுட்டியை எடுத்துக்கொண்டு ஒருவர் பாலிக் புலாவில் ஒரு கிளினிக்குக்குச் சென்று முப்பது கோப்புகளைத் திறந்து பார்க்க வேண்டும். முப்பதில் எத்தனையில் இலக்கு எழுதப்பட்டிருக்கிறது என்பதை எண்ணி முடித்த பிறகே, 5 இட்ட அந்த ஒருவர் சொன்னது சரியா என்பது தெரியவரும்.