விதைப் பொதிக்குப் பின்னால் உள்ள கணக்கு

இடம்பெயர்ந்து, மீண்டும் படுவான்கரையில் மண்ணைக் கொத்தத் தொடங்கிய குடும்பங்களுக்கு விதைப் பொதியும் கோழிக்குஞ்சும் வருவதுண்டு. பொதியில் திட்டத்தின் பெயர் இருக்கும். பணம் யாருடையது, எவ்வளவு என்பது அதில் இராது. அதை நாமே தேடி அறிய முடியும்.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். வறிய கிராமக் குடும்பங்களுக்கு வீட்டுத்தோட்டம் அமைக்க உதவிய 'நிலைபேறான விவசாய அபிவிருத்தித் திட்டம்' எனும் திட்டத்தை நடத்தியது அவுட்ரீச் புரொஜெக்ட்ஸ் கரன்டி லிமிடெட் என்ற அமைப்பு. அதன் பின்னால் நின்றது சிகரெட் தயாரிக்கும் சிலோன் டொபாக்கோ கம்பனி. திட்டத்தின் பெயரிலோ அமைப்பின் பெயரிலோ புகையிலை என்ற சொல்லே இல்லை. உதவியைப் பெறுவதா, விழாவில் படம் எடுக்க நிற்பதா என்று தீர்மானிக்கும் குடும்பம் இதைத் தெரிந்திருக்க வேண்டாமா?

முதலில், உதவி கொண்டுவரும் அலுவலரிடம் அமைப்பின் முழுப் பதிவுப் பெயரை எழுதித் தரும்படி கேளுங்கள். 'கரன்டி லிமிடெட்' என்று முடிந்தால், அது பங்கு மூலதனம் இல்லாமல் கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிவான அமைப்பு. அதன் பதிவைக் கொழும்பிலுள்ள கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தில் கட்டணம் செலுத்திப் பார்க்கலாம். பணிப்பாளர்களின் பெயர்களைக் கொண்டு தாய்க் கம்பனியை ஊகிக்கவும் முடியும்.

அடுத்து, தாய்க் கம்பனி கொழும்புப் பங்குச் சந்தையில் பதிவானதா என்று பாருங்கள். சிலோன் டொபாக்கோ அவ்வாறு பதிவானதே. அத்தகைய கம்பனிகளின் ஆண்டறிக்கை cse.lk தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். வண்ணப் படங்கள் நிறைந்த பக்கங்களைத் தாண்டி, பணிப்பாளர் சபையின் அறிக்கைக்குச் செல்லுங்கள். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிச் சட்டத்தின் 168ஆம் பிரிவு, அவ்வாண்டில் வழங்கிய நன்கொடைகளின் மொத்தத் தொகையை அங்கே கூறும்படி கேட்கிறது. பின்பு கணக்குகளின் குறிப்புகளில், தொடர்புடைய தரப்பினருடனான கொடுக்கல் வாங்கல் என்ற தலைப்பில் அமைப்பின் பெயர் வருகிறதா என்று தேடுங்கள்.

இங்கே இரண்டு இடங்களில் ஏமாறலாம். நன்கொடைத் தொகையும் திட்டச் செலவும் ஒன்றல்ல. திட்டச் செலவு சிலவேளை வேறு செலவுகளோடு கலந்திருக்கும். அரசுக்குச் செலுத்திய வரியைச் சமூகத்துக்கான பங்களிப்பு என்று காட்டுவதும் உண்டு, வரி நன்கொடையாகாது.

கிடைத்த தொகையைக் குடும்பங்களின் எண்ணிக்கையால் பிரித்துப் பாருங்கள். பேச்சுக்கு, 50 லட்சம் ரூபா 500 குடும்பங்களுக்கு என்றால் குடும்பத்துக்கு 10,000 ரூபா. உங்கள் கைக்கு வந்த பொருளின் பெறுமதி அதைவிட மிகக் குறைவானால், மிகுதி பயிற்சிக்கா, நிர்வாகத்துக்கா, விழாவுக்கா சென்றது என்று கேளுங்கள்.

இந்தியாவில் 2013ஆம் ஆண்டின் கம்பனிச் சட்டம், பெரிய கம்பனிகள் மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் 2 வீதத்தைச் செலவிட்டு விபரத்தை வெளியிட வேண்டும் என்கிறது. இலங்கையில் அத்தகைய கட்டாயம் இல்லை. ஆகவே இங்கே ஆண்டறிக்கையும் பதிவாளரின் கோவையுமே நமக்குள்ள பிரதான சாட்சிகள்.